நான் நிறுத்திய ஒரு வரி

காரமடையில் என் பேத்தி படிக்கும் சின்னப் பள்ளியின் வகுப்பறையில் அன்று இருந்தவர்கள் நான், மருமகள் பொற்கொடி, தலைமையாசிரியை தாஜுன்னிசா, வீடியோ எடுக்க வந்த ரியாஸ். பிள்ளைகள் பாடும் காட்சியை எடுத்து, அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, சேர்க்கை விளம்பரத்துக்குப் பெற்றோரைப் பேச வைத்தார்கள்.

ரியாஸ் சொல்லிக்கொடுத்தபடியே பொற்கொடி ஆரம்பித்தாள். "எம்புள்ள படிப்புல மக்கா இருந்தாளுங்க, இந்த ஸ்கூல்தான்..."

"நிறுத்துங்க. எங்கூட்டுப் புள்ள எப்பங்க மக்கா இருந்தா? ஊரே பாக்குமில்லீங்க?" என்றேன்.

"அப்படிச் சொன்னாத்தானுங்க அட்மிஷன் வரும்," என்றான் ரியாஸ்.

"நெசத்தையே சொல்லு கண்ணு," என்றார் தாஜுன்னிசா.

பொற்கொடி கேமராவைப் பார்த்தாள். "லீவு நாள்லயும் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாளுங்க."

அதுவே வீடியோவில் வந்தது.

நான் படப்பிடிப்பையே நிறுத்திவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். நான் நிறுத்தியது ஒரு வரியை மட்டுமே. வீடியோவின் கடைசியில், "ஒருநாள் ஸ்கூலுக்கு வந்து பாருங்க" என்று அழைப்பவன் நான்தான்.