இடது ஓரத்து அம்மா

திருச்சானூர் ஸ்டுடியோவின் திரையில் கல்யாணம் நடந்த சர்ச்சின் தூண்கள் வாழைப்பழமாய் வளைந்திருந்தன, தரையும் சாய்ந்திருந்தது. ஆக்‌ஷன் கேமராவைக் கோணலாக மாட்டியவன், இப்போது எடிட் செய்கிற அனிலேதான். லென்ஸ் வளைவை எடுத்துவிட்டுப் படத்தைத் திருப்பினான். மூலைகள் கறுத்தன. அதை மறைக்கப் பெரிதாக்கினால், இடது ஓரத்தில் நின்ற மணப்பெண்ணின் அம்மா காணாமல் போனார்.

"குவைத்துலேர்ந்து லீவு போட்டு வந்தாங்கண்ணா. அம்மா அழுவறது இதுல மட்டும்தான் கீது. தூணு கோணலாவே இருக்கட்டும்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண் பிளெஸ்ஸி.

"ரெண்டும் வேணும்மா. விடமாட்டேன்."

வளைவுத் திருத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் படத்தை வலப்பக்கம் நகர்த்தினான். கண்ணைத் துடைத்தபடி அம்மா உள்ளே வந்தார். தூண்களும் ஏறக்குறைய நிமிர்ந்தன. படத்தின் வலது ஓரத்தில் இளித்துக்கொண்டு நின்ற அனில்தான் வெட்டுப்பட்டான்.

"ஐயோ, புதுச் சட்டையாச்சேண்ணா!" என்றாள் பிளெஸ்ஸி.

"கேமராவ ஒழுங்கா மாட்டாதவனுக்கு இதான் தண்டன," என்று சொல்லி சேவ் பட்டனை அழுத்தினான்.