ஒரு விரல் இடம்

என் வயிற்றுக்காக இரண்டு வருடம் என் வீட்டுக்காரர்தான் பேசினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் எனக்கும் சேர்த்து வாய் அவரிடம்தான் இருந்தது.

அவர் பெயர் ராஜேந்திரா. ஃபிஜித் தீவில், புலிலேகா என்ற ஊரில், கரும்பு வெட்டும் கேங்குக்கு சர்தார், அதாவது தலைவர். பதினெட்டு பேருக்கு ஏதாவது என்றால் மில்லில் போய்ப் பேசுவது அவர் வேலை. ஒருத்தன் கையில் கீறல் பட்டால் இவர் போய் கை போச்சு என்பார். அப்படிச் சொன்னால்தான் லீவு கிடைக்கும். அதனால் கேங்கில் எல்லோருக்கும் அவர் தெய்வம்.

ராணுவம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்த 1987ஆம் வருடம், ஜூலை மாதத்தில், தண்ணீர் டிரம்மைத் தூக்கும்போது எனக்கு வயிற்றில் சுருக்கென்றது. தொப்புளுக்கு வலது பக்கம், கொஞ்சம் கீழே. அன்றிலிருந்து அந்த இடத்து வலி போகவில்லை. படுக்கையிலிருந்து எழுந்தால் குத்தும், இருமினால் குத்தும், வாளியைத் தூக்கினால் உயிர் போகும். சும்மா மல்லாந்து படுத்திருந்தால் ஒன்றும் இல்லை. சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் வலி ஒரே மாதிரிதான். விரல் நுனியை வைத்து மூடிவிடலாம், அவ்வளவு சின்ன இடம்.

டவுனில் டாக்டர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்க்கொண்டிருந்த நேரம். மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேர் வாசலில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். உள்ளே போகுமுன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சின்ன எடம்னு சொன்னா பெனடால் மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவான். நீ சும்மா இரு தாயம்மா. நான் பேசிக்கிறேன்."

பேசினார். இங்கிலீஷில் பேசினார். வயிறு முழுக்க வலி, சாப்பிட முடியவில்லை, வாந்தி வருகிறது என்று தன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து வட்டமாகத் தடவிக் காட்டினார். நான் விரலை எடுத்து இங்கே என்று தொடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். டாக்டர் அவர் சொன்னதை எழுதிக்கொண்டார். டாக்டர் மேல் குற்றம் இல்லை. காதில் விழுந்ததைத்தானே எழுத முடியும்?

அப்புறம் சவுசவு துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் தலைநகர் சுவா. ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குடல்வாலாக இருக்கும் என்று வெட்டி எடுத்தார்கள். எடுத்தது நல்லாத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். தையல் ஆறியது, வலி போகவில்லை. என் ஃபைல் மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

இதற்கிடையில் அவருடைய அண்ணன் ஷைலேந்திரா நியூசிலாந்தில் ஆக்லாந்திலிருந்து வேலைக்கடிதம் அனுப்பினார். கெட்டும் பட்டணம் சேர் என்று ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கள் மகள் ரொனீதாவுக்குப் பன்னிரண்டு வயது, மகன் விநீலுக்கு ஒன்பது. நாங்களும் நான்கு பேருக்கு விசா கேட்டோம். சுவாவில் விசா மெடிக்கல் செய்யும் டாக்டர் என் ஃபைலைப் புரட்டினார். வாந்தி, பசியின்மை, வயிறு முழுக்க வலி, ஆபரேஷன் செய்தும் தீரவில்லை, காரணம் தெரியவில்லை. காரணம் தெரியும் வரை கையெழுத்துப் போட முடியாது என்றார். நான்கு பேர் சேர்ந்து கேட்டதால் ஒருத்தி நின்றால் நான்கு பேரும் நிற்க வேண்டும். வேலைக்கடிதமோ டிசம்பர் வரைக்கும்தான் செல்லும்.

அப்போதுதான் வீட்டுக்காரர் சுவாவில், இதெல்லாம் சும்மா, வலி சின்ன இடம்தான், வாந்தி கீந்தி ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். விசாவுக்காகப் பொய் சொல்கிறான் என்று அந்த டாக்டர் சிரித்தாராம். பொய்யை எழுதி வைத்தார்கள், நிஜத்தைச் சொன்னபோது நம்பவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

என்னை எடுத்துவிட்டு மூன்று பேருக்கு மட்டும் விசா கேட்கலாம் என்று ஷைலேந்திராதான் யோசனை சொன்னார். வக்கீல் ஒரு காகிதம் அடித்துக் கொண்டுவந்தார். நான் குடும்பத்தை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறதாம், பிள்ளைகள் மேல் எனக்கு உரிமை வேண்டாமாம். நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்தேன். விட்டுப் போனவள் வந்திருந்த எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

"பேப்பர்ல மட்டும்தான். ஒரு வருஷத்துல உன்னைக் கூப்ட்டுக்குவேன். நான் பேசிக்கிறேன்."

கையெழுத்துப் போட்டேன். என்னை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. பிள்ளைகளாவது தப்பிக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பின் மேல்தான் இன்றைக்கும் எனக்குக் கோபம்.

1989 நவம்பரில் போனார்கள். விநீல் பஸ் ஜன்னலில் கை காட்டினான். அவன் பஸ் ஏறுமுன், தூக்கி முத்தம் கொடுக்கக் குனிந்தபோது வயிறு இழுத்து, பாதியில் விட்டுவிட்டிருந்தேன். அதை எண்ணி எண்ணி அழுதேன்.

அடுத்த மார்ச்சில் எங்கள் பக்கத்து நர்சிங் ஸ்டேஷனுக்கு வாரம் ஒரு நாள் ஒரு டாக்டரம்மா வர ஆரம்பித்தார். மெரேசெய்னி என்று பெயர், ஃபிஜியின் பூர்வகுடிப் பெண். ராணுவம் ஆட்சிக்கு வந்தபோது இந்தியர்களே போய்விடுங்கள் என்று யார் பெயரைச் சொல்லிக் கத்தினார்களோ அந்த ஜாதி ஜனம். ஆனால் இங்கே இந்தியர்கள் எல்லோரும் பேசும் ஹிந்தியை எங்களைவிட நன்றாகப் பேசினார். நான் தனியாகப் போனேன். கூட வர ஆள் ஏது? ஃபைலை நீட்டினேன். அவர் அதை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கே வலிக்குது, ஒரு விரலால காட்டுங்க."

காட்டினேன்.

படுக்க வைத்தார். தன் விரலை அதே இடத்தில் வைத்து அழுத்தினார். வலித்தது. விரலை எடுக்காமல், கைகளை மார்பின் மேல் மடித்துக்கொண்டு தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொன்னார். தூக்கியதும் கத்திவிட்டேன். அவர் முகத்தில் ஏதோ பிடிபட்டது போல இருந்தது.

பிறகு பொறுமையாகச் சொன்னார். வலி உள்ளே குடலிலோ பித்தப்பையிலோ இருந்தால், தலையைத் தூக்கும்போது வயிற்றுத் தசை இறுகி மறைத்துக்கொள்ளும், விரல் அழுத்தம் உள்ளே போகாது, வலி குறையும். இறுக்கும்போது அதிகமானால் வலி பெரும்பாலும் சுவரிலேயே இருக்கிறது. தோலுக்குப் போகும் மெல்லிய நரம்பு தசையில் ஒரு சின்ன துவாரம் வழியாக வருகிறது, அங்கே மாட்டிக்கொண்டிருக்கும் என்றார். அந்த இடத்துத் தோலைக் கிள்ளினார், பொறுக்க முடியவில்லை. ஈரப் பஞ்சால் தடவினார், மற்ற இடத்தில் தெரிந்த குளிர்ச்சி அங்கே சரியாகத் தெரியவில்லை.

மரத்துப்போகும் மருந்தை அந்தப் புள்ளியிலேயே ஊசியில் ஏற்றினார். பத்து நிமிஷம் கழித்து எழுந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. இருமிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இரண்டரை வருட வலிக்கு ஒரு ஊசி. சந்தோஷம் வரவேண்டிய நேரம்தான். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

மூன்று வாரத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது. அப்படித்தான் வரும் என்று சொல்லியே இருந்தார். இன்னும் இரண்டு தடவை போட்டார். மே மாதத்தில் நிறைந்த டிரம்மை நானே நகர்த்தினேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கடையிலிருந்து ஆக்லாந்துக்குப் போன் செய்தேன். ஒரு டாக்டரம்மா வைத்தியத்தில் குணமாகிவிட்டது, கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

இப்போது கூப்பிட்டால் அந்தப் பிரிவுக் காகிதம் பொய் என்று தெரிந்துவிடும் என்றார். தெரிந்தால் பிள்ளைகளையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரொனீதா பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வருகிறாள். சில வருடம் போகட்டும், வக்கீலிடம் நான் பேசிக்கிறேன் என்றார்.

"நீங்க பேசவே வேணாம்" என்றேன்.

லைனில் இரைச்சல். பின்னால் விநீல் யாரோடோ இங்கிலீஷில் சண்டை போடுவது கேட்டது. வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"சுவா பெரிய டாக்டருக்கே பிடிபடாதது, அந்தம்மா என்னதான் பண்ணாங்க?"

"எங்க வலிக்குதுன்னு என்னைக் கேட்டாங்க" என்றேன்.