சீனி படுத்த மெத்தை

சீனி என்பது கம்பம் ஊரில் ஏலக்காய் யாவாரம் செய்யும் மீரான் மைதீன் வீட்டுப் பூனை. அந்த வீட்டில் அதற்கு இருந்த மரியாதையில் பாதி தனக்கு இருந்திருந்தால் அவன் மனைவி சுபைதா வாயே திறந்திருக்க மாட்டாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் என்று ஒன்று கிடையாது. புருஷனுக்கும் அவளுக்கும் நடுவில் சீனி. கொஞ்சம் அசந்தால் அவள் தலையணையில் சீனி. கருக்கலில் முகத்தின் மேல் ஏறி நடந்து எழுப்புகிறதும் அதுதான். கண் அரித்தது, தும்மல் அடங்கவில்லை, பிறகு நெஞ்சில் இழுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. பிறந்த வீட்டில் ஒரு நாள்கூட அவளுக்கு இப்படி வந்ததில்லை. மாமியார் பாத்திமா என்ன சொன்னாள் தெரியுமா?

"நோய மறைச்சுல்ல நம்ம தலையில கட்டிட்டாக!"

அது சுபைதா காதில் விழுந்தது. நோயைக் கொடுத்தது இந்த வீடு, பழி தன் அத்தா அம்மா மேலா?

புருஷன் கூட்டிப்போன உத்தமபாளையத்து டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள், அது எங்கே படுக்கும் என்று துருவித் துருவிக் கேட்டார். பூனையின் முடியும் தோல் தூசும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதைப் படுக்கைப் பக்கமே விடக்கூடாது என்றார். மீரான் மைதீன் வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னது இவ்வளவுதான்: "ராத்திரி பூனைய வெளிய போட்டுக் கதவச் சாத்தச் சொன்னாகம்மா."

அப்படியே செய்தார்கள். சீனி விடிய விடியக் கதவைப் பிராண்டிக் கத்தியது, வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. நாள் பல போயும் இழுப்போ துளியும் குறையவில்லை. அவ்வளவுதான், பாத்திமாவுக்குப் பேச்சு கிடைத்துவிட்டது. "வாயில்லாச் சீவன் மேல பழியப் போட்டாளே! பூனையும் வெளிய போயாச்சு, இழுப்பு போச்சா?" சுபைதாவின் அண்ணன் பக்கீர் முகம்மதுக்கு ஆள் போனது. வந்து தங்கச்சியைக் கூட்டிப்போகட்டும், திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டாம் என்று. மீரான் மைதீன் அதைக் கேட்டுக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி, இல்லை, முஸ்லிம் வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது, அந்த வீட்டுக் கதவு மாதிரி நின்றான்.

மதியம் அண்ணன் மாட்டுவண்டியோடு வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. சுபைதா டிரங்குப் பெட்டியை வெளியே வைத்தாள். தாய்வீட்டுச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் இவர்களுக்கு எதற்கு விட்டுப்போக வேண்டும்? அறைக்குள் போனாள். காலையில் சுருட்டிய மெத்தை வழக்கம்போல மூலையில் கிடந்தது. முனையைப் பிடித்து இழுத்தாள். சுருளின் நடுப்பொந்திலிருந்து சீனி சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது.

சுபைதா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெத்தையைத் தரதரவென்று இழுத்துவந்து கூடத்து நடுவில், எல்லோர் முன்னாலும் விரித்தாள். ராத்திரி விளக்கில் கண்ணில் படாத வெள்ளை முடி உள்பக்கம் முழுக்க அப்பிக் கிடந்தது. அங்கேயே அவளுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது.

"இது எப்படி மாமி உள்ள போச்சு?"

"ராப்பூரா தூங்காமக் கத்துதேன்னு பகல்ல நான்தான் அங்கன படுக்க வச்சேன்" என்றாள் பாத்திமா, ஒன்றும் நடக்காதது போல. "ராத்திரிதான ஆகாதுன்னாக?"

"அல்லா! பகல்பூரா அது படுத்த மெத்தையில ராப்பூரா என்னையப் படுக்க வச்சுட்டு, நோயாளின்னு பேரும் வச்சீகளா? என்னையப் பெத்தவுகள ஏசுனீகளே, அந்த நாக்கு கூசலையா?"

பாத்திமா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மீரான் மைதீன் குனிந்து ஒரு முடியை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"கிளம்பு ஆத்தா" என்றார் அண்ணன்.

"நான் எதுக்குண்ணே கிளம்பணும்? போக வேண்டியது இந்த மெத்தை. வண்டியில ஏத்துங்க. பஞ்சத் தூக்கி எறிஞ்சுட்டு, உறைய வெந்நியில அலசி, புதுப்பஞ்சு அடைச்சுக் கொண்டாங்க." பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளினாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "அந்த அறையக் கழுவிச் சுண்ணாம்படிக்கணும். தூசு போகுற வரைக்கும் நான் மாடி அறையில படுத்துக்குறேன். ரெண்டு அறைக்கதவும் ராவும் பகலும் சாத்தியே இருக்கும். பூனைக்கு ஏலக்காய் மூட்டை அடுக்குற கிட்டங்கியில சாக்க விரிச்சுப் போடுங்க. எலியாவது பிடிக்கட்டும்."

மீரான் மைதீன் மெல்ல வாயைத் திறந்தான். "ராத்திரி கதவப் பிராண்டுமே, பாவம்..."

"பிராண்டட்டும். பக்கத்துலயே படுத்துருந்தீகளே, நான் மூச்சுக்குத் தவிச்சது உங்க காதுல விழுந்துச்சா? பூனை பிராண்டுறதும் அதே மாதிரி விழாது."

அவன் குனிந்து மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையை அண்ணன் பிடித்தார்.