டைமன் ராஜா இல்லாத சீட்டுக்கட்டு

1.

இந்தக் கதை ஒரு சீட்டு தொலைந்ததால் வந்தது. கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் மணிமொழி, வேலை இல்லாத மத்தியானங்களில் சீட்டு வைத்துப் பலன் சொல்வாள். அவளுடைய டைமன் ராஜாவை யாரோ ரம்மி ஆடப்போய்த் தொலைத்துவிட்டார்கள். "போவட்டும், அதான் ஜாக்கி இருக்கான்ல" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். ராஜாவுக்கு வர வேண்டியது ஜாக்கிக்கு வந்தால் என்ன ஆகும்?

2.

முதல் தொடக்கம்: "மழை வலுத்துக்கொண்டிருந்த அந்த..." (வேண்டாம். மழையில் ஆரம்பிக்கிற கதைகளைப் படித்துப் படித்து எனக்கே சளி பிடித்துவிட்டது.)

இரண்டாம் தொடக்கம்: தமிழரசன் காலையில் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிப் போனான். மலைப்பாதையில் மண் சரிந்ததாக யாரோ சொன்னார்கள். போன் போகவில்லை. சாயங்காலம் அவன் மனைவி ராதிகா, மணிமொழியின் கடைக்கு வந்தாள்.

இதையே வைத்துக்கொள்வோம்.

3.

"அக்கா, சீட்டு வைக்கா. அவரு எப்ப வருவாருன்னு பாரு."

மணிமொழி, ஏழிலிருந்து ஆஸ் வரைக்குமான சீட்டுகளை மட்டும் பிரித்து எடுத்தாள். முதலில் ஆளைக் குறிக்கும் சீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பழைய முறை: நல்ல சிவப்பு டைமன், அடுத்தது ஆட்டின், மாநிறம் கிளாவர், கருப்பு இஸ்பேடு. இந்த விதியை எழுதியவன் நம்மூர்ப் பக்கம் வந்ததே இல்லை. இங்கே பாதிப்பேர் இஸ்பேடுதான்.

"நீ இஸ்பேடு ராணிடி."

"அது இன்னா ராணி?"

மணிமொழி அந்தச் சீட்டைக் கட்டுக்குள் செருகினாள். இஸ்பேடு ராணி கைம்பெண்ணின் சீட்டு.

"அது வேணாம். குணத்த வச்சி பாக்கலாம். நீ பாசக்காரி. ஆட்டின் ராணி."

அந்தப் பயத்தில்தான் தமிழரசனுக்கும் இஸ்பேடு ராஜாவை எடுக்கவில்லை. அவனை ரோட்டிலும் காசிலும் புழங்குகிறவன் என்று டைமனில் சேர்த்தாள். கல்யாணமான ஆம்பளைக்கு ராஜா. ராஜா இல்லை. ஆகவே ஜாக்கி.

(என் சந்தேகத்தை இங்கேயே சொல்லிவைக்கிறேன். டைமன் ஜாக்கிக்கு இன்னொரு வேலையும் உண்டு: சேதி கொண்டுவருகிற இளவட்டம். இது மணிமொழிக்குத் தெரியும். ராதிகாவிடம் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.)

4.

ராதிகா சீட்டுக்கட்டை இடது கையால் வெட்டினாள். வரிசைக்கு எட்டாக நாலு வரிசை. ஒரு சீட்டு குறைவதால் கடைசி இடம் காலி.

இரண்டாம் வரிசையில் ராணி இருந்தாள். அதே வரிசையில் வலப்பக்கம், மூன்று சீட்டு தள்ளி ஜாக்கி. ரெண்டு பேருக்கும் நடுவில் இருப்பதுதான் அவர்களுக்கு நடுவில் நடப்பது. டைமன் எட்டு: சின்னப் பயணம். அடுத்து இஸ்பேடு ஒன்பது: மொத்தக் கட்டிலேயே கெட்ட சீட்டு. மூன்றாவது, ஜாக்கியை ஒட்டி, ஆட்டின் ஒன்பது: நினைத்தது நடக்கும்.

(அந்த ஆட்டின் ஒன்பதை முதல் பிரதியில் நான் வைக்கவில்லை. பக்கத்துச் சீட்டு நல்லதாக இருந்தால் கெட்டதன் வேகம் கம்மியாகும் என்பது விதி. ராதிகாவின் முகத்தைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை, கொண்டுவந்து வைத்தேன். பிறகு எடுத்தேன். பிறகு மறுபடியும் வைத்தேன்.)

"வந்துகினே கீறாருடி. லேட்டு, அவ்ளோதான்" என்றாள் மணிமொழி. அவள் விரல் மட்டும் காலி இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"அங்க இன்னாக்கா, ஒண்ணுமே இல்ல?"

"ராஜா வர்ற எடம்."

"அப்ப அவரு ஜாக்கி இல்லியா?"

5.

இந்த இடத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நிற்கிறது. ரெயின்கோட் போட்ட இளைஞன். ரெண்டு பேருக்கும் தெரியாத முகம். "தமிழரசன் அண்ணன் வூட்ல யாருங்க?" என்று கேட்கிறான்.

முடிவு ஒன்று: "ஜீப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. அண்ணன் வெள்ளிமலைலயே..."

முடிவு இரண்டு: "அக்கா, மனச தைரியமா..."

எழுதிப் பார்த்தேன். ரெண்டையும் முடிக்க முடியவில்லை. ஜாக்கி புருஷனாக இருந்தவரை அவன் மூன்று சீட்டுத் தூரத்தில் இருந்தான். ஜாக்கி சேதிக்காரனாகி வாசலில் நிற்கிற இந்த நிமிஷத்தில், தமிழரசன் அந்த வரிசைகளில் எங்குமே இல்லை. பார், ஒரு சீட்டு தொலைந்ததற்கு இவ்வளவு!

ராதிகா எழுந்திருக்கவில்லை. குனிந்து, ஆட்டின் ராணியின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தாள்.

"ராதிகா இங்க இல்லன்னு சொல்லுக்கா" என்றாள். "ஆளே இல்லாட்டி அவன் யாருக்குச் சொல்லுவான்?"

மணிமொழி என்னைப் பார்க்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. பையன் ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருக்கிறான். சீட்டின்மேல் இருக்கும் அந்தக் கையை எடுக்க என்னால் ஆகாது. நீங்கள் எடுப்பதானால், மெதுவாக எடுங்கள்.