மேல்பிரிவின் விலை

பண்டாரவளை புக்கி கடையில் பந்தய விலை போடும் சவரிமுத்து, தேயிலைத் தோட்டத்துக் கரப்பந்துப் போட்டியில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்று கீழ்ப்பிரிவு டீமை முதல் இடத்தில் எழுதினார். எதிரே நின்ற கபிரியேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் ஒருகாலத்தில் மேல்பிரிவுக்காக ஆடியவர்கள்.

"ஏன்டா, நம்ம பசங்க யாரோட ஆடுனாலும் ஜெயிப்பாங்கன்னு நீதான சொன்ன?"

"இப்பவும் சொல்றேன். பேக்டரி டீமையும் கீழ்ப்பிரிவையும் நூத்துக்கு அறுபது தடவ ஜெயிப்பாங்க. ஆனா சீட்டுக் குலுக்குனதுல நமக்கு அரையிறுதியே பேக்டரியோட. கீழ்ப்பிரிவுக்குக் கெடச்சது பசறை டீம், அத நூத்துக்குத் தொண்ணூறு தடவ அடிச்சிருவாங்க. அரையிறுதிய பைனலோட பெருக்கி, பைனல்ல யாரு எதிர வருவாங்கன்னும் சேத்துப் பாத்தா நமக்கு முப்பத்தெட்டு, அவங்களுக்கு நாப்பது. அதனால ஒரு ரூபா கட்டுனா அவங்க வெல ரெண்டரை ரூபா, நம்ம வெல அதுக்கு மேல."

கபிரியேல் தணிந்தார். கப்பைத் தூக்கிக்கொண்டு மழையில் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போன நாள் நினைவில் வந்தது.

"அப்ப நம்ம கப் வாங்குன வருஷம் வெல என்ன போட்டிருப்ப?"

சவரிமுத்து பேனாவை எடுத்தார். அந்த வருஷம் சீட்டுக் குலுக்கலில் பலமான மூன்று டீமும் மறுபாதியில் விழுந்து தங்களுக்குள் மோதி, ஒன்றுதான் பைனலுக்கு மிஞ்சியது. மூன்றையும் அடித்ததாக முப்பது வருஷமாகச் சொல்லி வந்தாலும், இவர்கள் ஜெயித்தது அந்த ஒன்றைத்தான்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அந்த வருஷத்துக்கு நான் வெல போட மாட்டேன்."