முப்பதில் நிற்கும் சத்தம்

றஞ்சனா அக்கா கனடாவுக்குப் போனால் அவளுடைய கெஸ்ட் ஹவுஸை யார் பார்ப்பது? ஐந்து வருசமாக அங்கே வேலை பார்க்கிற கிருஷாந்தைக் கேட்டால் வேறு யார், அவன்தான். கண்டியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆற்றைப் பார்த்தபடி நிற்கிற அந்த எட்டு அறைக் கட்டடத்தில் எந்தக் குழாய் ஒழுகும், எந்த யன்னல் கொக்கி முரண்டு பிடிக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகிற அக்கா திரும்ப மூன்று மாதமாகும். அந்த மூன்று மாதமும் சாவிக்கொத்து தன்னிடம்தான் என்று மஹய்யாவையில் தன் வீட்டில் சொல்லியும் விட்டான்.

அப்போதுதான் மடவளையிலிருந்து றலியா ரிசப்ஷன் வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த புதிதில் அவள்மேல் அவனுக்கு ஒன்றும் இல்லை. வயிறு எரியத் தொடங்கியது டிவி விஷயத்தில்தான். கெஸ்ட் ஹவுஸ் சுவர்கள் மெல்லியவை. ஓர் அறையில் யாராவது சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் இரவில் டிவியைப் போட்டதும் அது அதே உச்சத்தில் அலறும். பக்கத்து அறைக் குழந்தை எழும்பும். இணையத்தில் விருந்தினர்கள் எழுதுகிற குறைகளில் பாதி இதுதான். கிருஷாந் அழகாக ஒரு வழி செய்திருந்தான்: ‘தயவுசெய்து சத்தத்தைக் குறைக்கவும்’ என்று மூன்று மொழியிலும் அச்சடித்து, ஒவ்வொரு டிவிக்குக் கீழேயும் ஒட்டியிருந்தான்.

“ஸ்டிக்கருக்கு டிவி பயப்படுமா அண்ணா?” என்று றலியா சிரித்தாள். அக்காவும் சேர்ந்து சிரித்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“ஹோட்டல் மோட் எண்டு ஒண்டு இருக்கு அக்கா. அதில போட்டா சரி. ரிமோட்ட எவ்வளவு அமத்தினாலும் சத்தம் சொன்ன அளவுக்கு மேல போகாது.”

அக்கா தலையாட்டியதும் அவள் முதலாம் அறையில் மெனுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, திரையில் எழுந்த கட்டத்தில் இரகசிய இலக்கத்தை அடித்தாள். வழக்கமான மெனுவில் இல்லாத வேறொரு பட்டியல் விரிந்தது. ஹோட்டல் மோடை இயக்கினாள். போடும்போது வரும் சத்தம் பன்னிரண்டு, ஆகக் கூடிய சத்தம் முப்பது. டிவியை அணைத்து மறுபடி போட்டாள். பன்னிரண்டில் பணிவாக எழுந்தது. அக்கா ரிமோட்டை வாங்கி அமத்து அமத்தென்று அமத்தியும் முப்பதைத் தாண்டவில்லை.

“கெட்டிக்காரி!” என்றாள் அக்கா.

எட்டு டிவியும் ஒரே வகை. ஆகவே றலியா அந்த அமைப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றி, மற்ற அறைகளில் செருகிச் செருகி எடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. ஐந்து வருசத்தில் அக்கா தன்னை ஒரு தடவையாவது கெட்டிக்காரன் என்று சொன்னாளா என்று கிருஷாந் யோசித்துப் பார்த்தான். சொல்லியிருக்கலாம். ஞாபகம் வரவில்லை.

அன்று பின்னேரம் மூன்றாம் அறைக்குச் சுந்தரலிங்கம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாதமொரு தடவை கண்டிக்கு வந்து போகிற ஓய்வுபெற்ற பொறியியலாளர். அவர் வருமுன் கிருஷாந் அறையைச் சரிபார்த்தான். அவனுக்கென்று ஒரு முறை உண்டு. டிவி ரிமோட்டையும் சனல்கள் வருகிற டிஷ் பெட்டியின் ரிமோட்டையும் அருகருகே வைத்து, இரண்டையும் அமத்திப் பார்த்து, வருகிறவருக்கும் இரண்டையும் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பான்.

டிவியைப் போட்டு முப்பது வரை கூட்டினான். செய்தி வாசிப்பவர் காதில் இரகசியம் சொல்கிற மாதிரி இருந்தது. டிஷ் பெட்டி ரிமோட்டை அமத்தினான். பெட்டிக்கென்று இருக்கிற சத்தக்கோடு திரையில் வந்தது. கால்வாசிக்கும் கீழே கிடந்தது.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்பு யாரோ பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் கேட்கவில்லையென்று டிவியை மேலே ஏற்றினார்கள். இப்போது டிவி முப்பதில் நிற்பதால் ஏற்றவும் வழியில்லை. றலியாவின் பென் டிரைவ் டிவியைத்தான் மாற்றும், பெட்டியைத் தொடாது. பெட்டியை முழுதாகக் கூட்டிவிட்டால் சரி. விரல் பொத்தான்மேல்தான் இருந்தது.

‘கெட்டிக்காரி கண்டுபிடிக்கட்டுமே’ என்று நினைத்தான். ரிமோட்டைக் கீழே வைத்தான். ஐயா வந்ததும் டிவி ரிமோட்டை மட்டும் காட்டிவிட்டு இறங்கி வந்தான்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் ஐயா அப்பத்தைப் பிய்த்தபடி குரல் கொடுத்தார்.

“றஞ்சனா, உம்மட ரீவிக்கு என்ன, தடிமன் வந்து தொண்டை கட்டிப்போச்சோ? ஒரு சொல்லும் கேக்கேல்லை. வாயசைவைப் பாத்துத்தான் செய்தி விளங்கினது.”

அக்காவின் முகம் சுருங்கியது. “றலியா, கூட்டி விடும் பிள்ளை.”

கிருஷாந்துக்குத் தேநீர் தேனாக இறங்கியது. ஐயா புறப்பட்டதும் றலியா ஓடிப்போய் மூன்றாம் அறையின் எல்லையை அறுபதுக்கு ஏற்றினாள். செய்தி தெளிவாகக் கேட்டது. பெட்டியை அவள் பார்க்கவில்லை. அவன் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதாவது சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. “தேங்க்ஸ் அண்ணா, கதவப் பிடிச்சிட்டு நிண்டதுக்கு” என்று அவள் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வந்த சொல் உள்ளே போய்விட்டது.

அடுத்து அந்த அறைக்குக் கொழும்பிலிருந்து ஓர் இளம் சோடி. டிஷ் படம் பார்க்க அறுபது வரை கூட்டியிருக்கிறார்கள். படம் சலித்ததும் டிவிக்குள்ளேயே இருக்கிற இணைய வீடியோவுக்கு மாறியிருக்கிறார்கள். அதற்குப் பெட்டியோடு ஒரு தொடர்பும் இல்லை. அடக்கி வைக்க ஆளில்லாத அறுபது அப்படியே வெடித்தது. பக்கத்து நாலாம் அறைக்காரர் விடிந்ததும் பெட்டி படுக்கையோடு கீழே இறங்கி, கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார்.

அக்கா இருவரையும் மூன்றாம் அறைக்குக் கூப்பிட்டாள். றலியா இரண்டு ரிமோட்டையும் எடுத்து மாறி மாறி அமத்தினாள். பெட்டியின் கோடு தெரிந்ததும் கை நின்றது.

“நான் பெட்டியப் பாக்கல்ல அக்கா. டிவிய மட்டும்தான் பாத்தேன். என்ட பிழைதான். பெட்டிய முழுசாக் கூட்டி வச்சிட்டு, டிவிய முப்பதுக்கே இறக்கினா இனி இப்படி வராது.”

அக்கா கிருஷாந் பக்கம் திரும்பினாள். “நீர் அறை குடுக்கேக்க ரெண்டு ரிமோட்டும் காட்டுறனீர் எல்லோ. அண்டைக்குக் கவனிக்கேல்லையோ தம்பி?”

றலியாவும் அவனைப் பார்த்தாள்.

“இல்லீங்க அக்கா” என்றான் கிருஷாந். “கவனிக்கலீங்க.”

அக்கா கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: “உம்மை நம்பித்தான் போகலாமெண்டு இருந்தனான். ஒரு அறையில ஒரு ரிமோட்டைக் கவனிக்கேல்லையெண்டால், மூண்டு மாசம் எட்டு அறையையும் எப்பிடிக் கவனிப்பீர்? றலியா பாக்கட்டும். நீர் உதவியா நில்லும்.”

கவனித்தேன் அக்கா, முதலில் கவனித்ததே நான்தான் என்று அவனுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்றும் தெரிந்தது. “சரிங்க அக்கா” என்றான்.

அக்கா போனதும் றலியா தணிந்த குரலில் கேட்டாள். “அண்ணா, நீங்க பாக்காமலா இருந்தீங்க?”

“அதான் சொன்னேனே.”

“சரி.” அவள் மேலே கிண்டவில்லை. பெட்டி ரிமோட்டை அவனிடம் நீட்டினாள். “எட்டு அறையிலயும் நீங்க பெட்டியக் கூட்டிட்டு வாங்க. நான் பின்னால வந்து டிவியப் பாக்கிறேன்.”

முதல் உத்தரவு. இவ்வளவு சுலபமாக அவள் வாயில் வருகிறதே என்றிருந்தது அவனுக்கு. ரிமோட்டை வாங்கிப் பெட்டியின் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினான். அவள் டிவியை முப்பதுக்கு இறக்கி, அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டில், எல்லாச் சொல்லும் தெளிவாக, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் செய்தி ஓடியது. ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.