மூன்று டிகிரி சாய்வு

"அக்கா, உங்க ஓட்டக்காரன் நேர் ரோட்டுலயும் இடப்பக்கம் சாயுறான். எங்கயாவது தண்ணி ஏத்திக்கிட்டு வந்துட்டானா?" என்று சிரித்தாள், கேமைச் சோதித்துப் பார்க்கும் பெண்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கேமில் ஓடுபவனின் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் பெருக்கி, வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்று கணக்கிடும் நிரலை எழுதியவள் அவள்தான். நேர் ரோட்டில் திரும்புவதே இல்லை, அதனால் சாய்வும் இருக்கக் கூடாது. ஆனால் அவளே மூன்று டிகிரியைக் கூடுதலாகச் சேர்த்திருந்தாள். போன வருஷம் இறந்துபோன அவள் கணவன், காலையில் அவளோடு ஓடும்போது அவள் பேச்சைக் கேட்க இப்படித்தான் இடப்பக்கம் சாய்வான்.

"நாளைக்கு ரிலீஸ். எடுத்துடுங்கக்கா."

திரையில் ஓட்டக்காரன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த மூன்றைப் பூஜ்ஜியமாக்கினாள். உடம்பு வெடுக்கென்று துள்ளக் கூடாதென்று, ஒவ்வொரு கணமும் மீதிச் சாய்வில் ஒரு பங்கு மட்டும் குறையும்படி எழுதியிருந்ததும் அவள்தான். அதனால் அவன் சட்டென்று நிமிரவில்லை. பேச்சை முழுதும் கேட்டு முடிக்காதவன் போல, மெல்ல மெல்ல விலகி நிமிர்ந்தான்.

பிறகு நேராக ஓடினான். அவன் இடப்பக்கம் ரோடு காலியாக இருந்தது.